ஜோசியர் சொன்னது பலித்ததா? பலன் நோட்டு வைத்துப் பார்த்த அனுபவம்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் என் கணவர் சூப்பர்வைசராக இருந்தார். 2023 நவம்பரில் ஆர்டர் இல்லை என்று ஒரு ஷிப்டையே எடுத்துவிட்டார்கள், அதோடு அவர் வேலையும் போனது. மாதம் 32,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது நின்றது. அடுத்த ஒரு வருடம் நாங்கள் பட்டதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த வருடத்தில் ஒரு ஜோசியப் பலனை நம்பி எடுத்த முடிவுகளும், அந்தப் பலன் உண்மையில் பலித்ததா என்று பிறகு நான் கண்டுபிடித்த விதமும் இதே நிலையில் இருக்கும் இன்னொருவருக்கு உதவும் என்று நினைக்கிறேன். அப்போது எனக்கு இதை யாரும் சொல்லவில்லை.

2024 தை மாதம், மாமியார் சொன்ன ஜோசியரிடம் நான் மட்டும் போனேன். வேலை போன மனநிலையில் அவர் வர மறுத்துவிட்டார். ஜோசியர் வாக்கியப் பஞ்சாங்கம் பார்ப்பவர், வயதானவர், நிதானமாகப் பேசினார். என் கணவருக்கு சதய நட்சத்திரம், கும்ப ராசி. ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, "விரயச் சனி முடியற நேரத்துல வேலையைப் பிடுங்கிட்டான். இப்ப ஜென்மச் சனி. கேது புத்தி வேற நடக்குது. ஆவணி பிறக்கட்டும்மா, சுக்கிர புத்தி வருது, அதுல தெற்குலயோ கடல் தாண்டியோ நல்ல உத்தியோகம் அமையும். அதுவரைக்கும் அவசரப்பட்டு எதுலயும் கால் வைக்க வேண்டாம்" என்றார். மாமியாருக்குப் போட்டுக் காட்ட வேண்டுமே என்று, அவரிடம் கேட்டுக்கொண்டு முழுவதையும் போனில் ரெக்கார்ட் செய்தேன். அந்த ரெக்கார்டிங் மட்டும் இல்லையென்றால் இந்தக் கட்டுரையே இல்லை.

அடுத்த மாதமே பெருந்துறையில் ஒரு இடத்தில் வேலை வந்தது. சம்பளம் 19,000. பழைய சம்பளத்தைவிட ரொம்பக் குறைவுதான். ஆனால் நாங்கள் அதை விட்டதற்குச் சம்பளம் மட்டும் காரணமில்லை, "ஆவணி வரை கால் வைக்க வேண்டாம்" என்ற வார்த்தையும்தான். பரிகார ஹோமத்துக்கு 14,000, நீலக்கல் மோதிரத்துக்கு 23,000, குடும்பத்தோடு திருநள்ளாறு போய் வந்ததற்கு 9,000, ஜோசியர் தட்சிணை 1,000. கையில் இருந்து போனது 47,000 ரூபாய். பெருந்துறை வேலையில் சேர்ந்திருந்தால் வந்திருக்கக்கூடிய ஒன்பது மாதச் சம்பளத்தைப் போட்டால் இன்னும் 1,71,000. என் வளையல்கள் பாங்கில் அடகில் இருந்தன. திருநள்ளாறு போனதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, கோயிலுக்குப் போனது போனதுதான். வலித்தது கல்லுக்கும் காத்திருப்புக்கும் கொடுத்த பணம்.

ஆவணி வந்தது, போனது. புரட்டாசியும் ஐப்பசியும் போயின. கேட்கப் போனபோது, கல்லில் தோஷம் இருக்கலாம், மாற்றிப் பாருங்கள் என்றார். கார்த்திகையில் கணவரோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் போன் செய்தார். ஓசூரில் அவர் கம்பெனியில் ஒரு இடம் காலியாம், சம்பளம் 26,000. போய்ச் சேர்ந்தார். வீட்டில் எல்லாரும், "சொன்ன மாதிரியே சுக்கிர புத்தியில வேலை கிடைச்சிடுச்சு பார்த்தியா" என்றார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மாமனாரின் கால் புண்ணுக்கு வைகாசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்ததையும் ஜோசியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார் என்று உறவினர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் போனில் இடம் இல்லை என்று பழையவற்றை அழிக்கும்போது அந்த ரெக்கார்டிங் கண்ணில் பட்டது. அழிக்கும் முன் ஒரு தடவை கேட்போமே என்று கேட்டேன். ஆரம்பத்திலேயே அவர் கேட்கிறார்: "வீட்டுல பெரியவங்க யாரும்மா இருக்காங்க?" நான் சொல்கிறேன்: "மாமனார் இருக்கார் ஐயா, சுகர், கால்ல ஒரு புண்ணு ஆறவே மாட்டேங்குது." பேச்சு வேறெங்கோ சுற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல்: "பெரியவர் ஒருத்தருக்கு கால் சம்பந்தமா வைத்தியச் செலவு இருக்கு." நான் "ஆமாங்கய்யா, ஆமாங்கய்யா" என்கிறேன். நான் கொடுத்த செய்தியே எனக்குத் திரும்பி வந்திருக்கிறது. என் நினைவில் என் பதில் அழிந்து, அவர் வாக்கு மட்டும் தங்கியிருக்கிறது. அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. பேச்சுவாக்கில் அவருக்கே அது தெரியாமல் நடந்திருக்கலாம். கேட்டது எது, கொடுத்தது எது என்று மனசு பிரித்து வைத்துக்கொள்வதில்லை, அதைத்தான் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் வேலை விஷயம். அவர் சொன்னது தெற்கு, அல்லது கடல் தாண்டி. ஓசூர் எங்களுக்கு வடக்கே இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கும் "தெற்கு" நினைவில் இல்லை. "ஆவணி பிறந்ததும் வேலை" என்று நாங்கள் நினைவில் வைத்திருந்தோம், ரெக்கார்டிங்கில் அவர் சொன்னது "சுக்கிர புத்தி வருது, அதுல அமையும்". என் கணவருக்கு நடப்பது சனி தசை, அந்த தசையின் உட்பிரிவுதான் புத்தி. அதில் சுக்கிர புத்தி எத்தனை காலம் என்று கணக்குப் பாருங்கள். சனி தசை 19 வருடம். எல்லா தசையும் சேர்ந்த 120 வருடத்தில் சுக்கிரனுக்கு 20, அதே பங்குதான் இந்த 19 வருடத்திலும். அதாவது 3 வருடம் 2 மாதம். 2024 ஆவணியில் தொடங்கினால் 2027 ஐப்பசிப் பக்கம் வரை போகும். முப்பத்தைந்து வயது மனிதர், பதினைந்து வருட அனுபவம், தினமும் வேலை தேடுகிறார். மூன்று வருடத்துக்குள் ஏதோ ஒரு வேலை கிடைக்கும் என்று சொல்ல ஜாதகம் வேண்டியதில்லை.

இன்னொன்றும் தோண்டிப் பார்த்தேன். வேலை போனதற்கு அவர் சொன்ன காரணம் விரயச் சனி. பிறகு நான் பார்த்த வேறொரு ஜோசியர், கம்ப்யூட்டரில் திருக்கணிதம் போடுபவர், "ஜென்மச் சனியில வேலை போயிருக்கு, சரியாத்தான் இருக்கு" என்றார். இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்று பார்த்தால் விஷயம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்கமும் கிரகம் ராசி மாறும் நாளை வெவ்வேறாகக் கணக்கிடுகின்றன. திருக்கணிதப்படி சனி கும்பத்துக்கு வந்தது 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. நவம்பரில் வேலை போனது. ஆக ஒருவருக்கு அது மகரச் சனி, கும்ப ராசிக்குப் பன்னிரண்டாம் இடம், விரயம். மற்றவருக்கு அது ஜென்மம். இரண்டும் போதாதென்றால் கேது புத்தி இருக்கவே இருக்கிறது. நடந்து முடிந்த ஒன்றுக்கு எந்த வழியிலும் காரணம் கிடைத்துவிடும். இதில் எனக்கு ஒரு பாடம் கிடைத்தது: கடந்த காலத்தை ஜோசியர் எவ்வளவு சரியாகச் சொன்னார் என்பதை வைத்து எதிர்காலப் பலனை எடை போடவே கூடாது.

புத்தி மாறும் தேதியும் கல்லில் பொறித்த தேதி இல்லை. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். சதயத்தில் பிறந்தவருக்கு அந்த ஒரு நாள்தான் ராகு தசையின் 18 வருடமாக விரிகிறது. அப்படியானால் பிறந்த நேரத்தில் ஒரு மணி நேரம் தவறினால் அதற்குப் பின் வரும் எல்லா தசை புத்தித் தேதிகளும் சுமார் ஒன்பது மாதம் நகரும். இருபது நிமிடம் தவறினால் மூன்று மாதம். என் கணவரின் ஜாதகத்தில் நேரம் "காலை 6 மணி சுமார்" என்றுதான் இருக்கிறது. அந்த "சுமார்" என்ற வார்த்தையிலேயே எங்கள் ஆவணி கார்த்திகையாகவும் மாறலாம், வைகாசியாகவும் மாறலாம்.

இதற்குப் பிறகுதான் பலன் நோட்டு வைப்பது என்று முடிவு செய்தேன். ஜோசியத்தைப் பொய் என்று காட்டுவதற்காக இல்லை. மாமியாருக்கு நம்பிக்கை இருக்கிறது, எனக்கும் அப்போது பாதி இருந்தது. அடுத்த தடவை பெரிய முடிவு எடுக்க வேண்டி வந்தால் இந்தச் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். என் பெரியம்மா மகள், நான் அக்கா என்று கூப்பிடுபவர், ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறார். முறையை இருவரும் சேர்ந்து வகுத்தோம். சரியாகச் செய்தால் ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு கவரும் போதும்.

2025 மார்ச் 29 திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் போனது, கும்பத்துக்குப் பாதச் சனி. அதை ஒட்டி அந்தத் திருக்கணித ஜோசியரிடம் போனேன். கணவரை வேண்டுமென்றே அழைத்துப் போகவில்லை, காரணம் பிறகு சொல்கிறேன். இந்த முறை ஒன்றை மட்டும் உறுதியாகக் கடைப்பிடித்தேன். அவர் கேள்வி கேட்டால், "நீங்க சொல்லுங்க ஐயா, நான் கேட்டுக்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டேன். பிறந்த தேதி, நேரம், ஊர் தவிர ஒன்றும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பலனுக்கும், "இது எந்த மாசத்துல இருந்து எந்த மாசம் வரைக்கும் ஐயா?" என்று கேட்டேன். முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்லிவிடுவார்கள், நாம்தான் கேட்பதில்லை. எல்லாவற்றையும் சித்திரை முதல் புரட்டாசி முடிய, ஆறு மாதம் என்று வைத்துக்கொண்டோம்.

அன்று ராத்திரியே ரெக்கார்டிங்கைக் கேட்டு, அவர் வாயால் சொன்னபடியே எழுதினேன். நம் மொழியில் மாற்றி எழுதினால் அங்கேயே வளைந்துவிடும். எழுதியதில் மூன்று வகை இருந்தது. ஒன்று, கடந்த காலம். அதை அடித்துவிட்டேன். இரண்டாவது, குணம்: "மனசுல பட்டதைச் சொல்லிடுவார், ஆனா உள்ளுக்குள்ள வேதனை வச்சுக்குவார்" மாதிரி. அதையும் அடித்தேன். 1948ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு, நீங்கள் எழுதிய தேர்வை வைத்துத் தயாரித்தது என்று சொல்லி ஒரு குண விவரணையைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள், அதிலிருந்த வரிகளில் பெரும்பாலானவை ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. அதனால் குணம் பற்றிய வரிகள் நம்மை நெகிழ வைக்கலாம், ஆனால் அவற்றை வைத்துச் சோதிக்க முடியாது. மூன்றாவது வகை, இனி நடக்கும் என்று சொன்னவை. உடைத்து எழுதியதும் அப்படி 12 வரிகள் தேறின.

அந்த 12 வரிகளுக்கும் "நடந்தது" என்றால் என்ன என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். முழு நோட்டிலும் கஷ்டமான வேலை இதுதான், நேரமும் இதற்குத்தான் போகும். உதாரணத்துக்கு ஒன்றைச் சொல்கிறேன். அவர் சொன்னது: "வண்டி வாகனத்தில் செலவு வரும்." இதை அப்படியே விட்டால், பெட்ரோல் போட்டாலும் பலித்ததாகிவிடும். நாங்கள் எழுதியது: சித்திரை 1 முதல் புரட்டாசி கடைசி வரை, எங்கள் டூவீலருக்கு ஒரே தடவையில் 3,000 ரூபாய்க்கு மேல் ரிப்பேர் வந்தால் நடந்தது; வழக்கமான சர்வீஸ் சேராது; உறவினர் வண்டி சேராது. அடுத்து, இதே வரியைப் போன ஆறு மாதத்துக்குப் போட்டுப் பார்த்தோம், அதாவது இந்த வரியை யாரும் சொல்லாத ஐப்பசி முதல் பங்குனி வரை. பில்களைத் தேடினால், செயின் செட்டும் டயரும் மாற்றியதற்கு 3,400 ரூபாய் ரசீது இருந்தது. சொல்லாமலே நடந்திருக்கிறது. அந்த வரிக்குப் பக்கத்தில் "வழக்கம்" என்று குறித்தோம். பெரியவருக்கு மருத்துவச் செலவு என்ற வரிக்கும் அதே கதி. மாமனாரின் மருந்துச் சீட்டுகளைப் பார்த்தாலே தெரியும், எங்கள் வீட்டில் அது இல்லாத ஆறு மாதம் கிடையாது. "ஆவணிக்குள் சம்பளம் கூடும்" என்பது அப்படி இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் கூடினால் நடந்தது என்று எல்லை வைத்தோம், பக்கத்தில் "வழக்கமில்லை" என்று குறித்தோம். இந்த மாதிரி வரிகள்தான் ஜோசியருக்கு உண்மையான தேர்வு. பின்னோக்கிப் பார்க்கும் இந்த ஒரு வேலையை மட்டும் செய்தாலே போதும், "பலித்துவிட்டது" என்று நாம் மலைத்துப் போவதில் பாதி குறைந்துவிடும். பாங்க் பாஸ்புக், மெடிக்கல் பில், பழைய காலண்டரில் கிறுக்கி வைத்த குறிப்பு, இவை போதும்.

இதோடு நின்றிருந்தால்கூட ஒரு குறை இருந்திருக்கும். 12ல் 5 பலித்தது என்றால் அது அதிகமா குறைவா என்று எப்படித் தெரியும்? எதனோடு ஒப்பிடுவது? இதற்கு அக்கா ஒரு வழி சொன்னார். அவர் ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஒருவர், ஏறக்குறைய என் கணவரின் வயது, குழந்தை குட்டி உள்ளவர், சிம்ம ராசி. அவரிடம் விஷயத்தைச் சொல்லி, சம்மதம் வாங்கி, அவர் ஜாதகத்தை அதே ஜோசியரிடம் எடுத்துப் போய் அதே ஆறு மாதத்துக்குப் பலன் கேட்டு வந்தார். சிம்மத்துக்கு அப்போது அஷ்டமச் சனி ஆரம்பம், எங்களுக்குச் சொன்ன பாதச் சனிப் பலனிலிருந்து மாறித்தான் இருக்க வேண்டும். அதிலிருந்தும் 12 வரிகளை எடுத்து, அதே மாதிரி எல்லை வைத்து எழுதினார். இரண்டையும் கலந்து 24 வரிகளாக ஒரே தாளில் எழுதி, எது யாருடையது என்ற விவரத்தைத் தனிக் கவரில் ஒட்டித் தன் வீட்டு பீரோவில் வைத்துக்கொண்டார். கிரகப் பெயர், ராசிப் பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட வேண்டும். "அஷ்டமச் சனி" என்ற ஒரு சொல் தங்கிவிட்டாலும் யாருடைய பலன் என்று தெரிந்துவிடும்.

கணவரை அழைத்துப் போகாததற்குக் காரணம் இதுதான். பலனைக் காதால் கேட்டவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான் கேட்டுவிட்டேன், அதனால் எனக்கு மார்க் போடும் தகுதி போய்விட்டது. அக்காவுக்கு எது யாருடையது என்று தெரியும், அவரும் கூடாது. கணவரும், எங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் என் ஓரகத்தியும் ஒன்றும் கேட்டதில்லை, ஆனால் வீட்டில் நடந்தது எல்லாம் தெரிந்தவர்கள். கேட்காமல் இருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. "உடன்பிறந்தவரோடு மனக்கசப்பு வரும்" என்று தெரிந்தால் தம்பி சாதாரணமாகச் சொல்வதும் குத்தலாகக் கேட்கும், சண்டையை நாமே வரவழைத்துவிடுவோம். அப்புறம் பலித்தது என்று சொல்வோம்.

பரிகாரத்தையும் நோட்டில் எழுத வேண்டும், அதுவும் முன்கூட்டியே. "இந்தப் பரிகாரம் செய்தால் இது நடக்கும், செய்யாவிட்டால் இது நடக்கும்" என்று இரண்டு பக்கமும் எழுதி, நாம் எதைச் செய்யப் போகிறோம் என்பதையும் எழுதி வைத்துவிட்டால் பிறகு கல்லில் தோஷம், விரல் மாறிவிட்டது என்ற பேச்சுக்கு இடமில்லை. இந்த முறை அவர் ஒரு ஹோமம் சொன்னார், 11,000 ரூபாய் ஆகும் என்றார். செய்வதில்லை என்று எழுதினேன். செய்யாவிட்டால் சம்பள உயர்வு தள்ளிப் போகும் என்று அவர் சொன்னதையும் பக்கத்தில் எழுதினேன்.

நோட்டின் கடைசிப் பக்கம் ஒன்றைக் காலியாக விட்டோம். அந்த ஆறு மாதத்தில் எங்கள் வாழ்க்கையில் பெரிதாக எது நடந்தாலும், யார் சொன்னார்கள் சொல்லவில்லை என்று பார்க்காமல், நடந்த வாரமே அதில் எழுத வேண்டும். சொன்னது நடந்ததா என்று மட்டும் தேடினால், நடந்தது சொல்லப்பட்டதா என்ற கேள்வி வரவே வராது. எங்களுக்கு ஆடி மாதம் வீட்டு உரிமையாளர் மகனுக்குக் கல்யாணம் என்று வீட்டைக் காலி செய்யச் சொன்னார். வேறு வீட்டு அட்வான்ஸ், லாரி வாடகை, பெண்ணின் பள்ளிக்கூட வேன் மாற்றம் என்று எங்களைப் புரட்டிப்போட்டது அதுதான். கடைசிப் பக்கத்தில் முதல் வரியாக அதைத்தான் எழுதினேன்.

ஐப்பசி பிறந்ததும் கணவரும் ஓரகத்தியும் தனித்தனியாக உட்கார்ந்து 24 வரிகளுக்கும் நடந்தது, நடக்கவில்லை என்று குறித்தார்கள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கவில்லை. நான்கு வரிகளில் இருவருக்கும் கருத்து வேறுபட்டது. எடுத்துப் பார்த்தால் அந்த நான்குமே, "மன நிம்மதி குறையும்" என்பது போல, எல்லை வைக்க வழி தெரியாமல் நாங்கள் அப்படியே விட்ட வரிகள். அவற்றைப் பலித்ததாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அக்கா கவரைப் பிரித்தார். எங்களுக்குச் சொன்ன 12ல் நடந்தவை 5. அந்த சிம்ம ராசிக்காரருக்குச் சொன்ன 12ல், எங்கள் வீட்டில் நடந்தவை 6. "வழக்கம்" என்று குறித்தவற்றைக் கழித்தால் இரண்டு பக்கமும் 2. சம்பள உயர்வு வந்தது, ஆனால் 1,200 ரூபாய், எல்லைக்குக் கீழே. எங்களை அலைக்கழித்த வீடு மாற்றம் எங்கள் பட்டியலில் இல்லை. "குடியிருப்பில் மாற்றம்" என்று சொல்லியிருந்தது அந்த இன்னொருவருக்கு. அவர் சொந்த வீட்டில் இருக்கிறார், எங்கும் மாறவில்லை.

எனக்கு மனசு கனத்தது உண்மை. ஏதோ ஒன்று பிடிமானமாக இருந்தது, அது கையை விட்டுப் போன மாதிரி இருந்தது. ஆனால் இந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு சொல்லலாம், எவ்வளவு சொல்லக் கூடாது என்பதிலும் கவனம் வேண்டும். 12 வரி என்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கை. 5க்கும் 6க்கும் நடுவே உள்ள வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லை. எங்கள் பக்கம் 7 வந்திருந்தாலும் நான் ஒன்றும் முடிவு கட்டியிருக்க மாட்டேன், நாணயத்தை 12 தடவை சுண்டினால் 7 பூ விழுவது சாதாரணம். எங்களுக்கு 10, மற்றவருக்கு 3 என்று வந்திருந்தால் விஷயம் வேறு. அப்போது இன்னொரு ஆறு மாதம் இதே மாதிரி வைத்துப் பார்ப்பேன், மறுபடியும் அப்படி வந்தால் நம்புவேன். என் நோட்டு சொல்வது ஒரு ஜோசியரின் ஒரு பலனைப் பற்றி மட்டும்.

பெரிய அளவில் இதைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. வானியல் அறிஞர் ஜெயந்த் நர்லிகரும் அவரோடு சேர்ந்தவர்களும் மகாராஷ்டிரத்தில் 2008ல் ஒரு சோதனை நடத்தினார்கள். படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர், இவர்களின் ஜாதகங்களைக் கலந்து, ஒவ்வொரு ஜோசியருக்கும் 40 ஜாதகம் அனுப்பி, எது எந்த வகை என்று சொல்லச் சொன்னார்கள். விடை அனுப்பியவர்கள் 27 பேர். சராசரியாகச் சரியானது 46 சதவீதம். பார்க்காமலே சொன்னாலும் 50 வரும். அதிகபட்சமாக ஒருவர் எடுத்தது 40க்கு 24. அந்தச் சோதனையில் எனக்குப் பிடித்தது, நாங்கள் கவரில் ஒட்டி வைத்ததைப் போலவே அங்கேயும் விடை முன்கூட்டியே மூடி வைக்கப்பட்டிருந்தது என்பதுதான். நடந்த பிறகு விளக்கம் சொல்ல யாருக்கும் வாய்ப்பில்லை.

எங்களைப் போல 24 வரி, இரண்டு ஜாதகம் என்று செய்ய எல்லாருக்கும் நேரம் இருக்காது. ஒன்று மட்டும் செய்ய முடியும் என்றால் பலன் கேட்ட அன்று ராத்திரியே மூன்று வரியை அப்படியே எழுதி, தேதி போட்டு, எது நடந்தால் பலித்தது, எதற்குள், என்று பக்கத்தில் எழுதி, போட்டோ எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பிய பிறகு நீங்களே நினைத்தாலும் மாற்ற முடியாது. பலனைக் கேட்டுப் பெரிய முடிவு எடுக்கும் முன், அந்த ஜோசியர் இதற்கு முன் உங்களுக்குச் சொன்ன பலன் ஒன்றாவது இப்படி எழுதி முடிந்திருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். எழுதாத பலனை வைத்து வேலையை விடவும் வேண்டாம், வேலையைத் தள்ளவும் வேண்டாம்.

வீட்டில் பெரியவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்பது தனிப் பாடு. மாமியாரிடம் நான் பலிக்கவில்லை என்று வாதம் செய்யவில்லை. 2024 ரெக்கார்டிங்கில் மாமனார் கால் பற்றிய அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நீதானடி முதல்ல சொல்லியிருக்கே" என்றார். அவருக்கு நம்பிக்கை போய்விடவில்லை, போக வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. ஒரு ஒப்பந்தம் மட்டும் செய்துகொண்டோம்: கோயில், விளக்கு, அர்ச்சனை எதற்கும் நான் குறுக்கே நிற்க மாட்டேன், 2,000 ரூபாய்க்கு மேல் போகும் கல், ஹோமம் எதுவாக இருந்தாலும் முதலில் நோட்டில் ஏறி, கெடு முடிந்து, மார்க் போட்ட பிறகுதான். இப்போது கொழுந்தனாருக்குக் கடை வைக்க நல்ல காலம் எப்போது என்று ஒரு பலன் வந்திருக்கிறது. "பங்குனிக்குள் சொந்தத் தொழில் அமையும், கூட்டாளி வேண்டாம்." அதை எழுதும்போது, கடை திறந்தால் மட்டும் போதுமா, ஆறு மாதம் வாடகை கட்டிய பிறகும் லாபம் நிற்க வேண்டுமா, எதை "அமைந்தது" என்று எடுத்துக்கொள்வது என்று மாமியாரே கேட்டார். வாடகை போக லாபம் நிற்க வேண்டும் என்று அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறோம்.